வண்டியைவிடச் சாலை வேகமாக விழும் இடம்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கிறது மேன் தீவு. அங்கே நடக்கும் டி.டி. மோட்டார் சைக்கிள் பந்தயம் உலகப் புகழ்பெற்றது. பந்தயத்துக்கென்று தனித் திடல் கிடையாது. ஊருக்கு ஊர் போகும் சாதாரணச் சாலைகளையே சில நாட்கள் அடைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். 1911 முதல் பயன்பட்டுவரும் மலைச்சுற்றுப் பாதை ஏறக்குறைய 60 கிலோமீட்டர். முன்னணி வீரர்கள் இப்போதெல்லாம் மணிக்கு 210 கிலோமீட்டருக்கும் அதிகமான சராசரி வேகத்தில் அதைச் சுற்றிவிடுகிறார்கள். ஆனால் பலாஃப் என்ற கிராமம் வந்ததும் அவர்களும் பிரேக்கைப் பிடித்துக் கியரைக் குறைக்கிறார்கள். அங்கே நடுவில் கூன் விழுந்த ஒரு சின்னப் பாலம் இருக்கிறது. அவ்வளவு குறைத்த பிறகும் அந்தக் கூனில் இரண்டு சக்கரமும் தரையைவிட்டு எழும்பிவிடும். 1939இல் பயிற்சி ஓட்டத்தின்போது கார்ல் கால் என்ற ஆஸ்திரிய வீரர் இந்தப் பாலத்தருகே விழுந்து, அந்தக் காயங்களால் இறந்துபோனார்.

பலாஃபில் பறப்பது மோட்டார் சைக்கிள். ஆனால் கார் வந்தாலும் லாரி வந்தாலும் கணக்கு ஒன்றுதான். எந்த வேகத்தில் சக்கரம் சாலையை விடும் என்பதைத் தீர்மானிப்பவை இரண்டே இரண்டு: பாலத்தின் வளைவும் பூமியின் ஈர்ப்பும். வண்டி என்ன எடை, எஞ்சின் எவ்வளவு பலம், டயர் புதிதா பழையதா என்பதெல்லாம் இந்தக் கேள்வியில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கூன் பாலங்கள் அதிகம் இருப்பது இங்கிலாந்தின் கால்வாய்க் கரைகளில். ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் வடிவமைத்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் நாடெங்கும் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய் எங்கெல்லாம் ஒரு கிராமச் சாலையைக் குறுக்கே வெட்டியதோ, அங்கெல்லாம் ஒரு பாலம் தேவைப்பட்டது. சரக்குப் படகும், கரையிலிருந்து அதைக் கயிற்றால் இழுக்கும் குதிரையும் பாலத்துக்கு அடியில் போயாக வேண்டும். அதனால் நடுவில் உயரம் வேண்டும். இருபுறமும் நீளமாக மண் கொட்டிச் சரிவு அமைத்தால் செலவு கூடும். எனவே சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும் செங்கல் வளைவாகக் கட்டிவிட்டார்கள். மேலே போகப்போவது மாட்டு வண்டி வேகத்தில் நகரும் குதிரை வண்டிகள்தாம். அவற்றுக்கு அது போதும். அந்தப் பாலங்களில் பல இன்றும் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றின் மேல் கார் ஓடுகிறது. தனியாக வேக எல்லை குறிக்கப்படாத இங்கிலாந்தின் ஒருவழி அகல கிராமச் சாலையில் சட்டப்படி மணிக்கு 96 கிலோமீட்டர் வரை போகலாம். அந்த வேகத்தில் கூன் பாலத்தில் ஏறினால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் சொல்லாது, கணக்கு சொல்லும்.

அதற்கு முதலில் பாலத்தின் வளைவை ஓர் எண்ணாக மாற்ற வேண்டும். பாலத்தின் மேல்பரப்பை ஒரு பெரிய வட்டத்தின் துண்டு என்று வைத்துக்கொண்டு, அந்த வட்டத்தின் ஆரத்தைக் கண்டுபிடிப்பது வழக்கம். இதற்குப் பாலத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை. கூன் தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை நீளம் என்ன, நடுவில் அது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்ற இரண்டு அளவும் போதும். பாதி நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, உயரத்தின் இருமடங்கால் வகுத்தால் ஏறத்தாழ ஆரம் வந்துவிடும். கூனின் நீளம் 20 மீட்டர், நடுவில் உயர்வு ஒன்றேகால் மீட்டர் என்றால் 10 × 10 ÷ 2.5, அதாவது 40 மீட்டர். இந்தப் பாலத்தையே கடைசிவரை வைத்துக்கொள்வோம்.

இப்போது கார் பாலத்தின் உச்சியில் இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் இந்த இடத்தில் மையநோக்கு விசை வந்துவிடும். அதில் தவறில்லை. ஆனால் விழுதல் என்ற கோணத்தில் பார்த்தால் விஷயம் இன்னும் எளிதாகக் கைக்கு வருகிறது. உச்சிக்கு வந்த நொடியில் காருக்கு அடியிலிருந்த பாலம் மாயமாக மறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கார் முன்னால் போய்க்கொண்டே கீழே விழும், மேசை விளிம்பிலிருந்து உருண்டு விழும் கோலிக்குண்டைப் போல. இனி பாலத்தைத் திரும்பக் கொண்டுவருவோம். உச்சியைத் தாண்டினால் பாலமும் கீழே சரிகிறது. ஆக, இரண்டு சரிவுகள்: ஒன்று ஈர்ப்பு காரைக் கீழே இழுக்கும் பாதை, இன்னொன்று சாலை தன் வளைவால் கீழே போகும் பாதை. கார் விழுவதைவிடச் சாலை மெதுவாக இறங்கினால், கார் சாலையின் மேல் அழுந்திக்கொண்டு போகும். சாலை வேகமாக இறங்கினால் காருக்கு அதை எட்டிப்பிடிக்க நேரமில்லை. சக்கரத்துக்கும் சாலைக்கும் நடுவே காற்று வந்துவிடும்.

நம் பாலத்தில் உச்சியிலிருந்து 4 மீட்டர் தள்ளிச் சாலை 20 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். கார் தானாக 20 சென்டிமீட்டர் விழ ஐந்தில் ஒரு நொடிக்குச் சற்றே கூடுதலாக, 0.202 நொடி ஆகும். அந்த நேரத்துக்குள் 4 மீட்டரைக் கடந்துவிடும் கார், நொடிக்கு 19.8 மீட்டர் வேகத்தில் போகிறது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 71 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் விழுவதும் சாலை இறங்குவதும் சரிசமம். சக்கரம் சாலையைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். அதற்கு மேல் பறத்தல்தான். சூத்திரமாக எழுதினால் v² = gR. ஈர்ப்பு முடுக்கத்தை (g = 9.8) ஆரத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு எத்தனை மீட்டர் என்பது வந்துவிடும். அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும்.

இதில் எடை வராததன் காரணம் புரிந்திருக்கும். கனமான பொருளும் லேசான பொருளும் ஒரே வேகத்தில்தான் விழுகின்றன. ஒரு டன் கார் பறக்கும் அதே வேகத்தில்தான் பத்து டன் லாரியும் பறக்கும். "சரக்கு ஏத்தியிருக்கேன், வண்டி தரையைவிட்டு எழும்பாது" என்று ஓட்டுநர்கள் சொல்வதில் ஓர் உண்மை உண்டு, ஆனால் அது வேறு இடத்து உண்மை. சிறு மேடுகளில் காலி லாரி அதிகம் துள்ளுவதற்குக் காரணம் அதன் கடினமான பட்டை ஸ்பிரிங்குகள். நீண்ட கூனில் சரக்கு யாரையும் காப்பாற்றாது.

இந்தச் சூத்திரத்தைப் பூமிக்கே போட்டுப் பார்க்கலாம். பூமியும் ஒரு கூன்தான், ஆரம் 6,371 கிலோமீட்டர். வர்க்கமூலம் எடுத்தால் நொடிக்கு 7.9 கிலோமீட்டர் வருகிறது. தாழ்வான சுற்றுப்பாதையில் போகும் செயற்கைக்கோளின் வேகம் ஏறக்குறைய இதுவே. பாலத்தில் பறந்த கார் மறுபுறம் தரையில் மோதுகிறது. செயற்கைக்கோளுக்கு அடியில் பூமியும் அதே அளவில் இறங்கிக்கொண்டே போவதால் மோத இடமில்லை.

பறப்பது வேடிக்கையாகத் தெரிந்தாலும், விபத்து என்ற கோணத்தில் அதைவிட முக்கியமானது பறப்பதற்கு முன்பு நடப்பது. சக்கரம் திடீரென்று ஒரு நொடியில் சாலையை விடுவதில்லை. வேகம் கூடக்கூடச் சாலையின் மேல் அதன் அழுத்தம் குறைந்துகொண்டே வருகிறது. 1,000 கிலோ காரை நம் பாலத்தில் 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், உச்சியில் சாலை உணரும் எடை 745 கிலோ. 54 கிலோமீட்டரில் அது 426 கிலோவாகிவிடும். 71இல் பூஜ்யம். குறைவு வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது என்பதால் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி உண்டு: பறக்கும் வேகத்தின் பாதியில் கால்வாசி எடை போய்விடும், பத்தில் ஏழு பங்கில் பாதி எடை போய்விடும்.

டயரின் பிடிப்பு முழுவதும் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. அழுத்தம் பாதியானால் பிரேக் பிடிக்கும் திறனும் பாதி, திருப்பும் திறனும் பாதி. 54 கிலோமீட்டரில் உச்சியில் இருக்கும் ஓட்டுநருக்குக் கார் இன்னும் தரையில்தான் இருக்கிறது, எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் அவர் கையில் பாதிக்கும் குறைவான பிரேக்தான் மிச்சம். இதிலும் மோசமானது, பாலத்தை ஒட்டியே சாலை வளைவது. பழைய கால்வாய்ச் சாலைகளில் இது சகஜம், ஏனென்றால் கால்வாயை நேர்கோணத்தில் கடப்பதற்காகச் சாலையை அங்கே மடக்கியிருப்பார்கள். உச்சியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் கார் திரும்பாது. ஓட்டுநர் இன்னும் கொஞ்சம் திருப்புவார். அடுத்த அரை நொடியில் கூன் முடிந்து எடை திரும்பி வரும். அதிகமாகத் திருப்பி வைத்த சக்கரம் சாலையைச் சட்டென்று கவ்வும். கார் எதிர்பாராத பக்கம் பாயும்.

இதை உடலும் சொல்லிவிடும். வயிறு மேலே வருவது போன்ற அந்த உணர்வு எடைக் குறைவின் நேரடி அறிகுறி. ஸ்டியரிங் கையில் லேசாகும், எஞ்சின் சத்தம் ஒரு கணம் ஏறும், பக்கத்து இருக்கையில் கிடந்த தண்ணீர் பாட்டில் இடம் மாறியிருக்கும். குழந்தைகளுக்கு இது பிடிக்கும் என்பதற்காகவே சில அப்பாக்கள் பாலத்தில் வேகமெடுப்பார்கள். வயிற்றில் அந்த உணர்வு தெளிவாக வந்துவிட்டதென்றால் பிடிப்பில் கணிசமான பங்கு போய்விட்டது என்று பொருள்.

இதுவரை உச்சியைப் பற்றியே பேசினோம். பாடப்புத்தகமும் உச்சியைத்தான் கேட்கும். நிஜத்தில் சக்கரம் முதலில் சாலையை விடும் இடம் உச்சி அல்ல. உச்சியில் காரின் முழு எடையும் சாலையை நோக்கி நேராக அழுத்துகிறது. சரிவில் நிற்கும்போது எடையின் ஒரு பங்கு சரிவின் வழியே போய்விடுவதால் சாலைக்குள் அழுத்தும் பங்கு சற்றுக் குறைவு. எனவே ஒரே சீரான வேகத்தில் வரும் காருக்கு ஆபத்தான இடம் கூன் வளையத் தொடங்கும் ஏற்றம்தான். நம் பாலத்தில் அந்த ஏற்றம் சுமார் 14 பாகை. அங்கே பறக்கும் வேகம் 71 அல்ல, 70. ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஆனால் பறக்கும் விதம் முற்றிலும் மாறிவிடுகிறது. உச்சியில் விட்டால் கார் படுக்கையாகப் போய் விழத் தொடங்கும். ஏற்றத்திலேயே விட்டுவிட்டால், மேல்நோக்கி எறியப்பட்ட பொருளாகிவிடும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 14 பாகை ஏற்றத்தில் தரையை விடும் கார், மீண்டும் அதே மட்டத்துக்கு இறங்குவதற்குள் 24 மீட்டர் போய்விடும். கூனின் நீளமே 20 மீட்டர்தான். கார் பாலத்தின் மேல் ஓடவே இல்லை, பாலத்தைத் தாண்டிக் குதித்திருக்கிறது, உச்சிக்கு ஏறக்குறைய ஓர் அடி மேலாக. விழும்போது அதன் கீழ்நோக்கிய வேகம் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து போட்டதற்குச் சமம். அது நான்கு சக்கரத்திலும் சமமாக விழுந்தாலாவது சேதம் குறையும். பெரும்பாலும் அப்படி விழாது. முன்சக்கரங்கள் சாலையை விட்ட பிறகும் பின்சக்கரங்கள் ஒரு கணம் சாலையில் இருக்கும். சாலை பின்பக்கத்தை மட்டும் மேலே தள்ளுவதால் காரின் மூக்கு கீழே சாயத் தொடங்கும். காற்றில் அதைத் திருத்த எதுவுமில்லை. எஞ்சின் இருக்கும் கனமான முன்பக்கம் முதலில் தரையில் இடிக்கும். மோட்டார் சைக்கிள் வீரர்கள் பலாஃபில் பின்சக்கரம் முதலில் இறங்கும்படி வண்டியைத் தயார்செய்துகொள்வது இதைத் தவிர்க்கத்தான்.

சூத்திரம் பொய்க்கும் இடமும் உண்டு. அதைப் பார்க்கப் பாலத்துக்குப் போக வேண்டாம், தெருவில் இருக்கும் வேகத்தடை போதும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் வரையறைப்படி வட்டமான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம். அதை மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்க வேண்டும் என்பது திட்டம். சூத்திரத்தில் போட்டால் 46 கிலோமீட்டரில் சக்கரம் பறக்க வேண்டும். அந்த வேகத்தில் தூக்கிப்போடும் என்பது உண்மைதான், ஆனால் கணக்கு சொல்லும் காரணத்தால் அல்ல. காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் இருக்கிறது. 3.7 மீட்டர் மேட்டில் கார் முழுதாக வட்டப் பாதையில் போக நேரமே கிடையாது. உடல் ஏறத்தாழ நேராகப் போகிறது, சக்கரம் மட்டும் ஏறி இறங்குகிறது. சக்கரம் நாற்பது கிலோ இருக்கலாம். அதை மேலிருந்து கீழே தள்ளும் ஸ்பிரிங் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்கிக்கொண்டிருக்கிறது. ஆகவே சக்கரம் ஈர்ப்பால் மட்டும் விழுவதில்லை, ஸ்பிரிங்கால் எறியப்படுகிறது. சஸ்பென்ஷன் நீளும் தூரம் இருக்கும்வரை அது சாலையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். நீண்ட பாலத்தில் இந்தச் சலுகை கிடையாது. அங்கே உடலும் சேர்ந்துதான் ஏறி இறங்குகிறது. பாலத்தின் நீளம் காரின் நீளத்தைப் போலச் சில மடங்காவது இருந்தால்தான் v² = gR நம்பத் தகுந்தது.

அப்படியானால் நம் ஊர் மேம்பாலங்கள்? அவையும் நடுவில் உயர்ந்தவைதாமே, 80 கிலோமீட்டரில் போனால் ஏன் தூக்கிப்போடுவதில்லை? அங்கே வளைவைத் தீர்மானிப்பது பறக்கும் வேகம் அல்ல, பார்வை. மேட்டுக்கு அந்தப்பக்கம் சாலையில் ஏதோ கிடக்கிறது என்றால், அது தெரிந்த பிறகு வண்டியை நிறுத்த இடம் இருக்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்துக்கு அந்தத் தூரம் 120 மீட்டர் என்கிறது இந்திய விதி. ஓட்டுநரின் கண் சாலையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எதிரே கிடக்கும் பொருள் 15 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டு, மேட்டைத் தாண்டி அது தெரிய எவ்வளவு தட்டையான வளைவு வேண்டும் என்று பார்ப்பார்கள். விடை 3,270 மீட்டர் ஆரம். நம் கால்வாய்ப் பாலத்தைவிட எண்பது மடங்கு தட்டை. அந்த மேம்பாலத்தில் சக்கரம் பறக்க மணிக்கு 640 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். 80இல் போகும்போது எடையில் குறைவது நூற்றுக்கு ஒன்றரை பங்குதான். வயிற்றுக்கு அது தெரியாது.

இதே பார்வைக் கணக்கைக் கூன் பாலத்துக்குப் போட்டால் அங்கே பறப்பதைவிடப் பெரிய ஆபத்து எது என்பது தெரிந்துவிடும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவின் மேல் இருக்கும் ஓட்டுநருக்கு, சாலையில் கிடக்கும் பொருள் 13 மீட்டரில்தான் கண்ணில் படும். 54 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் கார் 15 மீட்டர் போய்விடுகிறது. கால் பிரேக்குக்குப் போவதற்குள் பொருள் காருக்கடியில். அந்தப் பிரேக்கும் பாதிதான் பிடிக்கும் என்று ஏற்கெனவே பார்த்தோம். தெரியாததும் பிடிக்காததும் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகின்றன. இங்கிலாந்தில் கூன் பாலத்துக்கு முன் முக்கோணப் பலகையில் ஒரு மேட்டின் படம் வைத்திருப்பார்கள். எதிரே வருபவரும் தெரியாமல் நடுச்சாலையில் ஏறி வருவார் என்பதும் அந்தப் பலகையின் அர்த்தத்தில் அடக்கம்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு வாய்க்கால் பாலத்துக்கு இந்த வேகத்தைக் கண்டுபிடிக்க ஆசைப்பட்டால், அளவு நாடாவோடு நடுச்சாலையில் நிற்க வேண்டாம். வண்டி ஓட்டாமல், பயணியாக உட்கார்ந்துகொண்டு கைபேசியாலேயே செய்யலாம். எல்லாக் கைபேசியிலும் முடுக்கமானி இருக்கிறது. அதைப் படித்துக் காட்டும் phyphox போன்ற இலவசச் செயலிகளும் கிடைக்கின்றன. கைபேசியைக் காரின் தரையில் தட்டையாக வைத்துக்கொண்டால், சமதளத்தில் செங்குத்து அளவு 9.8 காட்டும். ஓட்டுபவரிடம் ஒரே சீரான 30 கிலோமீட்டரில் பாலத்தைக் கடக்கச் சொல்லுங்கள். உச்சியில் அளவு குறையும். நம் 40 மீட்டர் பாலத்தில் அது 8.06க்கு வரும், அதாவது 1.74 குறைந்திருக்கும். முழு 9.8உம் குறைவதுதான் பறக்கும் நிலை. 9.8ஐ 1.74ஆல் வகுத்தால் 5.63. அதன் வர்க்கமூலம் 2.37. அதை 30ஆல் பெருக்கினால் 71. ஆரமும் தெரிய வேண்டாம், பறக்கவும் வேண்டாம்.

சாலையின் கரடுமுரடால் வரைகோடு ரம்பப் பல் போல நடுங்கும். அதில் தென்படும் மிகத் தாழ்ந்த ஒற்றை முனையை எடுத்துக்கொண்டால் விடை தவறிவிடும். உச்சியைச் சுற்றிய அரை நொடிக்குச் சராசரி எடுக்க வேண்டும். சில முறை கடந்து பார்த்து விடைகள் நெருங்கி வருகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். 20இல் போனால் ஒரு விடை, 30இல் போனால் வெகுவாக மாறிய வேறொரு விடை என்று வந்தால், அந்தப் பாலம் வட்டத் துண்டாக இல்லை. நேர்ச்சரிவுகள் இரண்டு உச்சியில் கூராகச் சந்திக்கும் பாலமாக இருக்கும். அப்படிப்பட்ட பாலத்தின் முனையில் ஆரம் சில மீட்டர்தான். அங்கே சக்கரம் பறப்பதற்கு முன்பே காரின் அடிவயிறு உச்சியில் உரசிவிடும்.